மழையில் மூடாத படுக்கையறைக் கதவு, அடி உப்பிய குளியலறைக் கதவு: எதை மாற்றுவது, எதைப் பூசுவது?

செல்வி, பசுண்டாங் | ஜூலை 9

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீடு பசுண்டாங்கில் ஐந்தாவது மாடியில் இருக்கிறது. 12.5 அடி அகலம், 50 அடி நீளம். யாங்கோனில் பலரும் குடியிருக்கும் அதே அளவு. முன்னால் கூடம், நடுவில் வரிசையாக இரண்டு படுக்கையறைகள், கடைசியில் சமையலறையும் குளியலறையும். குளியலறையின் சின்ன ஜன்னல் பின் சந்துப் பக்கம் பார்த்திருக்கிறது. வெயில் என்பது அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது.

மூன்று கதவுகளைப் பற்றிக் கேட்க வேண்டும். குளியலறைக் கதவு இரண்டு வருடத்துக்கு முன் போட்டது. பிளைவுட்டில் செய்த தட்டைக் கதவு. உள்பக்கம் வழவழப்பான லேமினேட் தாள், வெளிப்பக்கம் பெயிண்ட். தண்ணீர் பட்டாலும் ஒன்றும் ஆகாது என்று சொல்லித்தான் கடையில் கொடுத்தார்கள். இந்த மழைக்கு அதன் அடி ஒரு சாண் உயரத்துக்கு உப்பிவிட்டது. ஓரத்தைப் பார்த்தால் நனைந்த புத்தகத்தின் தாள்கள் போல விரிந்து நிற்கிறது.

மாமியார் அறையில் இருப்பது பழைய தேக்குக் கதவு. சட்டம் அடித்து நடுவில் பலகை வைத்தது. மே மாதம் வரை ஒரு விரலால் தள்ளினால் மூடும். இப்போது தோள் கொடுத்துத் தள்ள வேண்டியிருக்கிறது. அவர்களுக்கு வயது 78. இரவில் எழுந்து வரும்போது கதவு சிக்கிக்கொண்டால் என்ன செய்வது என்று எனக்குப் பயமாக இருக்கிறது. எங்கள் அறைக்கு இருப்பது உள்ளே வெற்றிடமான சாதாரணத் தட்டைக் கதவு. அதில் இதுவரை குறையில்லை.

தச்சர் வந்து பார்த்தார். தேக்குக் கதவை இந்த வாரமே இழைத்துவிடலாம், குளியலறைக்கு அதே மாதிரி புதுக்கதவு போடலாம் என்கிறார். என் கணவரோ மூன்றையும் பிளாஸ்டிக் கதவாக மாற்றிவிட்டால் தொல்லை தீரும் என்கிறார். படுக்கையறைக்குப் பிளாஸ்டிக் வேண்டவே வேண்டாம் என்பது மாமியார் கட்சி. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கதிர், பாகோ | ஜூலை 9

அக்கா, பர்மாவில் உட்கார்ந்துகொண்டு பிளைவுட் ஏன் வாங்கினீர்கள்? தேக்கு விளையும் மண் இது. எங்கள் தாத்தா கட்டிய வீட்டில் குளியலறைக்கும் தேக்குதான். 40 வருடம் தாண்டியும் அசையவில்லை. தேக்கில் எண்ணெய் இருக்கிறது, தண்ணீர் குடிக்காது. அதற்கு வார்னிஷும் வேண்டாம், பெயிண்டும் வேண்டாம். வருடத்துக்கு ஒரு முறை ஆளிவிதை எண்ணெய் தேய்த்தால் போதும். குளியலறைக்குத் தேக்கு வாங்குங்கள், அத்தோடு பிரச்சினை முடிந்தது.

ரமணி, தன்லின் | ஜூலை 10

நாங்கள் தரைத்தளத்தில் இருக்கிறோம். எங்களுக்குக் கதவு போகவில்லை, நிலையே போய்விட்டது. கறையான் உள்ளிருந்தே தின்றிருக்கிறது. வெளியே பெயிண்ட் பளபளவென்று இருந்தது. ஒருநாள் கீல் பிய்ந்து வந்தபோதுதான் உள்ளே மண்ணாக இருந்தது தெரிந்தது. அதனால் வாசலுக்கு இரும்புக் கதவே போட்டுவிட்டோம். நீங்களும் வாசல் கதவுக்கு இரும்பே போடுங்கள். பழைய பர்மிய மரவீடுகளுக்குக் கறுப்பாகக் கச்சா எண்ணெய் பூசுவார்களே, அதைக் குளியலறைக் கதவுக்குப் பூசலாமா?

செல்வி, பசுண்டாங் | ஜூலை 10

ரமணி அக்கா, வாசல் கதவில் பிரச்சினை இல்லை. வீட்டுக்குள் இருக்கும் மூன்று கதவுகளைத்தான் கேட்கிறேன். ஐந்தாவது மாடிக்குக் கறையான் இதுவரை ஏறவில்லை. ஆனால் நிலையைப் பற்றி நீங்கள் சொன்னதைப் படித்ததும் போய்த் தட்டிப் பார்த்தேன். நல்லவேளை, கெட்டியாக இருக்கிறது.

மோல்மேன் தச்சர் | ஜூலை 10

அம்மா, முதலில் ஒரு வேண்டுகோள். தேக்குக் கதவை இந்த வாரம் இழைக்க விடாதீர்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். அதற்குமுன் சில அளவுகள் தெரிய வேண்டும்.

தேக்குக் கதவு நிலையில் எங்கே உரசுகிறது? பூட்டுப் பக்கத்தின் மேல் மூலை மட்டும் உரசி, கீழே போகப் போக இடைவெளி அகலமாகிறது என்றால் கதவு உப்பவில்லை. மேல் கீலின் திருகு தளர்ந்து கதவு சாய்ந்திருக்கிறது. அதற்கு இழைப்புளி வேண்டாம், நீளமான திருகு போதும். மேலிருந்து கீழ்வரை ஒரே மாதிரி உரசினால் அது ஈரத்தில் உப்பியது. ஒரு தாளை நுழைத்து மேலிருந்து கீழே இழுத்துப் பாருங்கள், தெரிந்துவிடும். பக்கச் சட்டங்கள் எத்தனை அங்குல அகலம் என்றும் அளந்து சொல்லுங்கள்.

குளியலறைக் கதவின் தடிப்பை மேலே ஓர் இடத்திலும் கீழே ஓர் இடத்திலும் அளக்க வேண்டும். பிறகு ஒரு கைக்கண்ணாடியைத் தரையில் மல்லாக்க வைத்து, டார்ச் அடித்து, கதவின் அடி விளிம்பைப் பாருங்கள். அங்கே பெயிண்ட் இருக்கிறதா, வெறும் மரமா?

ரமணி அம்மா, கச்சா எண்ணெய் வெளிச் சுவருக்கும் தூணுக்கும் உரியது. மூடிய அறைக்குள் அந்த வாடை மாதக்கணக்கில் போகாது, துணியில் பட்டால் கறையும் போகாது. வீட்டுக்குள் வேண்டாம்.

செல்வி, பசுண்டாங் | ஜூலை 11

ஐயா, அளந்துவிட்டேன். மகன் பள்ளிக்கு வைத்திருக்கும் அளவுகோலும், நகைக்கடை வைத்திருக்கும் தம்பியிடம் வாங்கிய தடிப்பு அளக்கும் கருவியும்.

தேக்குக் கதவு: பூட்டுப் பக்கத்தில் மேலிருந்து முழங்கால் உயரம் வரை தாள் எங்கும் நுழையவில்லை. கீல் பக்கத்தில் ஒரே சீராக 2 மில்லிமீட்டர் இருக்கிறது. கதவின் அகலம் 33 அங்குலம். பக்கச் சட்டம் ஒவ்வொன்றும் 4.5 அங்குலம்.

குளியலறைக் கதவு: மேலே 35 மில்லிமீட்டர். அடியில் 41. கண்ணாடி வைத்துப் பார்த்தேன். அடியில் பெயிண்டின் சுவடே இல்லை. ரம்பம் அறுத்த கோடுகள் அப்படியே தெரிகின்றன, அதன்மேல் கறுப்பாகப் பூசணம். தரைக்கும் கதவுக்கும் இடையில் என் சுண்டுவிரல்கூட நுழையாது. இந்தக் கதவைத் துடைக்காத நாளில்லை. கண்ணில் படாத இடம் இப்படி இருந்திருக்கிறதே என்று மனது கஷ்டமாகிவிட்டது.

மோல்மேன் தச்சர் | ஜூலை 12

நன்றாக அளந்திருக்கிறீர்கள் அம்மா. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

மரம் நீளவாக்கில் கிட்டத்தட்ட அசையாது. அகலவாக்கில்தான் உப்பும், சுருங்கும். யாங்கோனில் மழைக்காலத்துக் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டை ஒட்டி நிற்கும். பனிக்காலத்தில் சுமார் 60 வரை இறங்கும். இந்த இரண்டுக்கும் இடையில் தேக்குப் பலகை அகலத்தில் சுமார் 1.2 விழுக்காடு மாறும். மரத்தை நடுவிலிருந்து ஆரம்போல் பிளந்து அறுத்த பலகை என்றால் 0.7 விழுக்காடுதான். தேக்கு குறைவாக அசையும் மரம் என்பது இதனால்தான். ஆனால் அசையவே அசையாது என்பது சரியில்லை.

உங்கள் கதவைப் பாருங்கள். குறுக்குச் சட்டங்களின் நீளவாக்கு கதவின் அகலத்தில் ஓடுகிறது, அவை நீளாது. நடுப் பலகைகள் சட்டத்தில் வெட்டிய பள்ளமான காடிக்குள் மிதந்துகொண்டிருக்கின்றன, உப்பினாலும் காடிக்குள்ளேயே நகரும். ஆக, அகலவாக்கில் உப்புவது இரண்டு பக்கச் சட்டங்கள் மட்டும். இரண்டும் சேர்ந்து 9 அங்குலம், அதாவது சுமார் 229 மில்லிமீட்டர். அதில் 1.2 விழுக்காடு என்றால் 2.7 மில்லிமீட்டர். உங்கள் கதவு வருடா வருடம் ஏறி இறங்குவது அதிகபட்சம் இவ்வளவுதான். இதே 33 அங்குல அகலத்தையும் பலகையை ஒட்டி ஒரே தகடாகச் செய்திருந்தால் 10 மில்லிமீட்டர் நகர்ந்திருக்கும். மழையில் நிலையையே தள்ளும், பனியில் பிளக்கும். சட்டம் அடித்துப் பலகையை மிதக்கவிடும் முறை நம் முன்னோர் அழகுக்காகக் கண்டதல்ல.

இப்போது, மரம் முழுக்க உப்பியிருக்கும் ஜூலையில் 3 மில்லிமீட்டர் இழைத்தால் என்ன ஆகும்? ஜனவரியில் அது தானாக 2.7 சுருங்கும். இழைத்த 3 அதோடு சேரும். கிட்டத்தட்ட 6 மில்லிமீட்டர் இடைவெளி. கூடத்து விளக்கு படுக்கையில் கோடு போடும், தாழ்ப்பாள் ஆடும். அடுத்த ஜூலையில் சரியாக இருக்கும், மறுபடி ஜனவரியில் அதே கதை. மரத்தை எடுத்துவிடலாம், திரும்ப வைக்க முடியாது.

அம்மாவின் பாதுகாப்புக்காக இன்றைக்குச் செய்யக்கூடியது ஒன்று உண்டு. உரசும் இடத்தில் பெயிண்ட் பல அடுக்காகத் தடித்திருக்கும். உப்புத்தாளால் அந்தப் பெயிண்டை மட்டும் தேய்த்து எடுங்கள், மரத்தைத் தொடாதீர்கள். பழைய கதவுகளில் இதிலேயே அரை மில்லிமீட்டருக்கு மேல் கிடைக்கும். பிறகு மெழுகுவத்தியை அழுத்தித் தேயுங்கள். அதற்கும் இறுகினால் மழை முடியும்வரை இரவில் கதவைச் சாத்தாமல் ஒரு திரைச்சீலை தொங்கவிடுங்கள். டிசம்பர் கடைசியில் அதே இடத்தில் இடைவெளியை அளந்து எழுதுங்கள். 3 மில்லிமீட்டர் இருந்தால் கதவு சரியாகவே இருக்கிறது, ஓரத்துக்குப் பூச்சு மட்டும் வேண்டும். 2-க்குக் கீழே என்றால் அப்போது இழைக்கலாம்; இழைத்த அன்றே அந்த ஓரத்தில் பூச்சு ஏற வேண்டும்.

குளியலறைக் கதவுக்கு வருகிறேன். 35 தடிப்பு 41 ஆகியிருக்கிறது. இது மழைக்கால உப்பல் அல்ல. பசை விட்டுப்போய் அடுக்குகள் பிரிந்துவிட்டன. காய்ந்தாலும் திரும்ப ஒட்டாது. மரத்தின் வெட்டு முனை வைக்கோல் கட்டின் நுனி மாதிரி. முகப்பைவிடப் பல மடங்கு வேகமாகத் தண்ணீரை உறிஞ்சும். உங்கள் கதவில் அந்த முனைதான் பூச்சில்லாமல் ஈரத்தரையைப் பார்த்து நிற்கிறது. முன்பக்கம் எவ்வளவு துடைத்தாலும் தண்ணீர் அடியிலிருந்து ஏறிக்கொண்டுதான் இருக்கும்.

இன்னொன்றும் நடந்திருக்கும். உள்பக்கம் லேமினேட், வெளிப்பக்கம் பெயிண்ட் என்று இரண்டு முகமும் இரண்டு விதமாக இருந்தால் ஈரம் ஒரு பக்கம் வேகமாகவும் மறுபக்கம் மெதுவாகவும் போகும். கதவு வில்லாக வளையும். ஒரு நீளமான நூலை மேல் மூலையிலிருந்து கீழ் மூலைக்குப் பிடித்துப் பாருங்கள், நடுவில் இடைவெளி தெரியும்.

இதே மாதிரிப் புதுக்கதவு போடுவதாக இருந்தால் போடாதீர்கள். எந்தப் பசை என்று தெரியாமல் பிளைவுட்டைத் தண்ணீர்ப் பக்கம் வைக்கக் கூடாது.

செல்வி, பசுண்டாங் | ஜூலை 13

நூல் பிடித்தேன் ஐயா. நடுவில் என் கட்டைவிரல் நகத்தின் அகலத்துக்கு இடைவெளி. எந்தப் பசை என்று வீட்டில் எப்படிக் கண்டுபிடிப்பது?

மோல்மேன் தச்சர் | ஜூலை 13

பூட்டைக் கழற்றினால் துளைக்குள் பிளைவுட்டின் ஓரம் தெரியும். அது நனையாத இடம். உளியால் தீப்பெட்டியின் பாதி அளவுக்கு ஒரு துண்டு எடுத்து, பழைய பாத்திரத்தில் கொதிக்க வையுங்கள். மலிவான யூரியா பசை கொதிநீரில் கரைந்து அடுக்குகள் தனித்தனியாகிவிடும். பீனாலிக் பசை என்றால் பல மணி நேரம் கொதித்தாலும் பிரியாது. துண்டின் ஓரத்திலும் வித்தியாசம் தெரியும்: பீனாலிக் பசைக் கோடு கருஞ்சிவப்பாக இருக்கும், யூரியா பசை வெளிறி இருக்கும். நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம், சாயம் கலந்தும் விற்கிறார்கள்.

செல்வி, பசுண்டாங் | ஜூலை 14

கொதிக்க வைத்தேன். உலையில் அரிசி போட்டுக் கஞ்சி வடிப்பதற்குள் துண்டு மூன்று தாளாகப் பிரிந்து மிதக்கிறது. தண்ணீருக்குத் தாங்கும் என்று சொல்லி விற்ற கதவு இது. கேட்க வேண்டும் என்று ஆத்திரமாக வருகிறது. ரசீதைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

கதிர், பாகோ | ஜூலை 14

அதனால்தான் முதலிலேயே தேக்கு என்றேன். தச்சர் ஐயா, எங்கள் வீட்டுக் கதவு பூச்சே இல்லாமல் 40 வருடம் நிற்கிறது என்பது நான் கண்ணால் பார்ப்பது. அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

மோல்மேன் தச்சர் | ஜூலை 14

தம்பி, நீங்கள் பார்ப்பது உண்மைதான், நான் மறுக்கவில்லை. அந்தக் கதவு வைரம் பாய்ந்த பெரிய மரத்திலிருந்து வந்தது. தேக்கின் வைரம் உளுக்காது, கறையானும் எளிதில் தொடாது. ஆனால் அதே தேக்கின் வெளிப்பகுதி, நாங்கள் வெள்ளை என்று சொல்வது, சாதாரண மரம்தான். ஈரத்தில் சில வருடங்களில் மக்கிவிடும். இன்று தோட்டத்தில் வளர்த்துச் சீக்கிரம் வெட்டும் தேக்கில் வெள்ளை அதிகம். கடையில் அதன்மேல் காப்பி நிறத்தில் சாயம் பூசி வைத்திருந்தால் உங்களுக்கும் தெரியாது, எனக்கும் உடனே தெரியாது. சட்டத்தின் வெட்டு முனையைச் சுரண்டிப் பார்த்தால்தான் வைரம் எங்கே முடிகிறது என்று தெரியும். உங்கள் தாத்தா காலத்துக் குளியலறை எங்கே இருந்தது என்றும் யோசித்துப் பாருங்கள். வீட்டுக்கு வெளியே, கொல்லையில், மேலே திறந்து காற்றோட்டமாக இருந்திருக்குமே?

ஆளிவிதை எண்ணெய் கூடத்து மேசைக்கு நல்லது. காற்றோட்டமில்லாத ஈரமான குளியலறையில் அதையே பூசணம் தின்று வளரும். இரண்டு மாதத்தில் கதவில் கறுப்புப் புள்ளி விழும்.

கதிர், பாகோ | ஜூலை 15

குளியலறை கொல்லையில்தான் இருந்தது. வெயிலும் காற்றும் நேராக வரும். வெள்ளை, வைரம் வித்தியாசத்தை நான் நினைக்கவில்லை. ஆனால் நல்ல தேக்கு கிடைத்தால் இன்றைக்கும் அதுவே சிறந்தது என்ற என் கருத்தை மாற்றிக்கொள்ள மாட்டேன்.

அலுமினியப் பட்டறை, தாமுவே | ஜூலை 15

நான் அலுமினியக் கதவும் பி.வி.சி. கதவும் பொருத்துகிறேன். விற்பவன் என்பதால் ஒருதலையாகச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம், குறைகளையும் சொல்கிறேன்.

பி.வி.சி. கதவு தண்ணீரில் ஊறாது, அது உண்மை. ஆனால் உள்ளே முழுக்க வெற்றுக் குழாய். கீலின் திருகு பிடிக்க அங்கே ஒன்றும் இல்லை. ஒரு வருடத்தில் துளை பெரிதாகிக் கதவு தொங்கும்; கீழ் மூலை தரையில் கீறும். வாங்கும்போது கீல் வரும் இடத்தில் உள்ளே இரும்புப் பட்டையோ மரக்கட்டையோ செருகியிருக்கிறதா என்று கேளுங்கள். கையால் தட்டினாலே அந்த இடத்தில் சத்தம் மாறும். செருகவில்லை என்றால் வாங்காதீர்கள். வெயில் படும் இடத்தில் பழுப்பேறும்; உங்கள் குளியலறையில் அந்தக் கவலை இல்லை.

அலுமினியச் சட்டத்தில் பிளாஸ்டிக் தகடு வைத்தது இதைவிட உறுதி. அதன் எதிரி கழிப்பறை சுத்தம் செய்யும் அமிலம். அமிலத்தை ஊற்றிவிட்டுக் கதவைச் சாத்திவிட்டு வந்தால் ஆவியே கீலையும் திருகையும் அரிக்கும். துருப்பிடிக்காத எஃகுக் கீலில்கூடப் புள்ளி விழும். ஊற்றிய பின் கதவில் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும்.

படுக்கையறைக்கு நான் இரண்டையும் சொல்ல மாட்டேன். காற்றடித்தால் தடதடக்கும், பேச்சுச் சத்தம் அப்படியே வெளியே கேட்கும். பாட்டியம்மா சொல்வது சரி.

கதவு எதுவாக இருந்தாலும் அடியில் 15 மில்லிமீட்டராவது இடைவெளி விடுங்கள். உங்கள் கதவு தரையோடு ஒட்டி நிற்கிறது என்றீர்கள். காற்று நுழைய வழி இல்லை. மின்விசிறி வைத்து ஈரக்காற்றை வெளியே இழுக்கலாம் என்பார்கள், ஆனால் மின்சாரம் முறை வைத்து வரும்போது விசிறியை நம்ப முடியாது. கதவின் கீழ்ப்பகுதியில் சாய்ந்த பட்டைகள் வைத்த காற்றுத்திறப்பு போட்டால் பின் ஜன்னல் வழியாகத் தானாக ஓடும்.

மோல்மேன் தச்சர் | ஜூலை 16

தம்பி சொல்வதில் காற்றுத்திறப்பு மட்டும் எனக்கு ஒப்பவில்லை. நம் வீடுகளில் தொட்டித் தண்ணீரை மொண்டு குளிக்கிறோம். தெறிப்பு இரண்டடி உயரம் வரை கதவில் விழுகிறது. கீழே திறப்பு வைத்தால் அந்தத் தண்ணீர் பட்டைகளுக்கிடையில் நடைபாதைக்கு வரும். அழுக்கும் அங்கேதான் அடையும். இடைவெளி போதும். காற்றுக்கு வழி வேண்டுமென்றால் கதவுக்கு மேலே நிலையோடு சேர்த்து வையுங்கள்.

அலுமினியப் பட்டறை, தாமுவே | ஜூலை 16

பட்டைகளை உள்பக்கம் பார்த்துச் சாய்த்தால் தண்ணீர் திரும்ப உள்ளேதான் வழியும் ஐயா. நான் பொருத்திய வீடுகளில் புகார் வந்ததில்லை. மேலே மட்டும் திறந்தால் தரை காயாது. அடியில் நுழைந்து மேலே போனால்தான் ஓட்டம்.

மீனா, இன்செய்ன் | ஜூலை 17

நான் பெயிண்ட் வேலை எடுத்துச் செய்கிறேன். பூச்சு பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன்.

தேக்கில் உள்ள எண்ணெய் வார்னிஷைச் சரியாக ஒட்டவும் விடாது, காயவும் விடாது. நான் முதலில் செய்த கதவு ஒன்று மூன்று நாளாகியும் விரலில் ஒட்டியது. அதன்பிறகு பூசுவதற்குச் சற்று முன்னால் அசிட்டோனில் நனைத்த துணியால் துடைத்து, அது ஆவியானதும் பூசுவது வழக்கம். வெள்ளைத் துணி மஞ்சளாக மாறும், அதுதான் அந்த எண்ணெய். துணி மஞ்சளாவது குறையும்வரை துடைக்கிறேன்.

மழைக்காலத்தில் வேகமாகக் காயும் லாக்கர் அடிக்கச் சொன்னால் நான் மறுத்துவிடுவேன். தின்னர் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பூச்சு பால் ஊற்றியது போல வெளுத்துவிடும். அரக்கு பாலிஷும் குளியலறைப் பக்கம் ஆகாது, நீர்த்துளி நின்ற இடமெல்லாம் வெள்ளைத் தடம். எண்ணெய் வகைப் பாலியூரித்தேன் மெதுவாகக் காய்ந்தாலும் வெளுப்பதில்லை. ஒரு பூச்சுக்கும் மறு பூச்சுக்கும் ஒரு நாள் என்றால், ஜூலையில் இரண்டு நாள் விடுங்கள்.

அடி விளிம்புக்குக் கதவைக் கீலிலிருந்து கழற்றியே ஆக வேண்டும். நிறுத்தி வைத்துக்கொண்டு அடியில் பூச யாராலும் முடியாது. தலைகீழாக நிறுத்தி, எபாக்ஸியை வெட்டு முனையில் ஊற்றித் தடவுங்கள். சில நிமிடத்தில் மரம் குடித்துவிட்டு மங்கலாகும். மறுபடி தடவுங்கள். குடிப்பது நின்று பளபளப்பு தங்கினால்தான் முனை அடைபட்டது என்று பொருள். எபாக்ஸி கிடைக்காவிட்டால் பாலியூரித்தேனில் சம அளவு தின்னர் கலந்து முதல் பூச்சு, பிறகு கலக்காமல் மூன்று பூச்சு.

படுக்கையறைத் தேக்குக் கதவுக்கு எனாமல் பெயிண்டைவிடப் பாலியூரித்தேன் நல்லது என்பது என் அனுபவம்.

மோல்மேன் தச்சர் | ஜூலை 17

கடைசி வரியில் மட்டும் நான் வேறுபடுகிறேன் அம்மா. பழைய கதவில் ஏற்கெனவே எனாமல் இருக்கிறது. அதை முழுக்கச் சுரண்டி எடுத்துப் பாலியூரித்தேன் பூசும் உழைப்புக்கு அவ்வளவு பயன் இல்லை. எந்தப் பூச்சும் ஈரத்தை முழுதாகத் தடுப்பதில்லை, மெதுவாக்குகிறது. மாதக்கணக்கான மழையில் மரம் கடைசியில் உப்பத்தான் செய்யும். பூச்சு நன்றாக இருந்தால் உச்சத்தைத் தொடுவதற்குள் மழை நின்றுவிடும், அவ்வளவுதான். ஆறு பக்கமும் ஒரே பூச்சு என்பதே எனக்கு முக்கியம், பூச்சின் பெயர் அல்ல.

நடுப் பலகையின் ஓரத்தைப் பெயிண்டால் அடைத்துவிடாதீர்கள். காடியில் பெயிண்ட் பிடித்துக்கொண்டால் பலகை நகர வழியின்றிப் பனிக்காலத்தில் நடுவே பிளக்கும்.

மீனா, இன்செய்ன் | ஜூலை 18

எனாமல் நாளடைவில் வெடித்து உரியும், அந்த விரிசலில் தண்ணீர் நின்று உள்ளே வேலை செய்யும். அதைப் பல வீட்டில் பார்த்துவிட்டேன். படுக்கையறைக்கு நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். குளியலறைக்கு ஏற்க மாட்டேன்.

ரமணி, தன்லின் | ஜூலை 18

நிலை பற்றி ஒரு வார்த்தை. எங்கள் வீட்டில் புது நிலையின் கால்களைத் தரையில் புதைக்காமல், மூன்று அங்குல உயரத்துக்குச் சிமெண்ட் கட்டை கட்டி அதன்மேல் நிறுத்தினார் கொத்தனார். இந்த வருடம் குளியலறைத் தண்ணீர் மரத்தைத் தொடவில்லை. செல்வி, உங்கள் நிலை இப்போது கெட்டியாக இருந்தாலும் கால் அடியைப் பாருங்கள்.

மோல்மேன் தச்சர் | ஜூலை 18

ரமணி அம்மா சொன்னது மிகச் சரி. கல்லோ சிமெண்டோ இல்லையென்றால் கீழ்த் துண்டுக்குப் பியின்கடோ வைக்கலாம். நம் பெரியவர்கள் இருள் மரம் என்பார்கள். ரயில் தண்டவாளக் கட்டைக்குப் போட்ட மரம் அது. உளி மழுங்கும், ஆணி வளையும். துளை போட்டுத் திருக வேண்டும்.

செல்வி, பசுண்டாங் | ஜூலை 27

நிலையின் காலடியைப் பார்த்தேன். ஒரு பக்கம் ஆணி அரை அங்குலம் மெத்தென்று இறங்கியது. அந்தப் பக்கம் நான்கு அங்குலம் அறுத்தெடுத்து, தாமுவேத் தம்பி சொன்ன கொத்தனாரை வைத்துச் சிமெண்ட் கட்டை கட்டியாகிவிட்டது. குளியலறைக்கு அலுமினியச் சட்டக் கதவு. அடியில் 15 மில்லிமீட்டர். கீழே காற்றுத்திறப்பு இப்போதைக்கு வைக்கவில்லை. தகட்டைப் பிறகு மாற்றிக்கொள்ள முடியும் என்பதால் ஒரு மழை பார்க்கலாம் என்று முடிவு செய்தோம். தரை முன்னைவிடச் சீக்கிரம் காய்கிறது, ஆனாலும் காலையில் குளித்தால் மதியம்வரை ஈரம் நிற்கிறது.

எங்கள் அறைத் தட்டைக் கதவைக் கழற்றிப் பார்த்தேன். அதன் அடியும் வெறும் மரம்தான்! காய்ந்த இடமாக இருந்ததால் பிழைத்திருக்கிறது. மீனா சொன்னபடி தலைகீழாக நிறுத்திப் பூசினேன். ஐந்து முறை குடித்தது.

தேக்குக் கதவை இழைக்கவில்லை. ஓரத்தில் நான்கு நிறத்தில் பெயிண்ட் இருந்தது: வெள்ளை, பச்சை, நீலம், கடைசியில் ஒரு செங்காவி. மாமியார் அந்தச் செங்காவியைத் தொட்டுப் பார்த்து, அது தன் கல்யாணத்துக்கு அடித்தது என்றார்கள். தேய்த்து மெழுகு பூசியபின் கை வைத்தால் மூடுகிறது. அவர்களால் முடிகிறது.

ரசீது கிடைத்தது. கடையில் மாற்றித் தர மறுக்கிறார்கள், நான் விடவில்லை.

செல்வி, பசுண்டாங் | டிசம்பர் 28

தச்சர் ஐயா, இன்று காலை அளந்தேன். பூட்டுப் பக்கத்தில், ஜூலையில் தாள் நுழையாத அதே இடத்தில், 3 மில்லிமீட்டர். நடுப் பலகையின் இரண்டு ஓரத்திலும் நூல் கனத்துக்குப் பெயிண்ட் படாத மரம் வெளியே வந்திருக்கிறது. அந்தக் கோட்டுக்குப் பூச்சு கொடுக்கலாமா, காடியில் பிடித்துக்கொள்ளுமா?

மோல்மேன் தச்சர் | டிசம்பர் 29

3 என்றால் இழைப்புளி வேண்டாம் அம்மா. அந்தக் கோட்டுக்கு இப்போதே, பலகை சுருங்கி நிற்கும்போதே பூசுங்கள். சின்னத் தூரிகையில் குறைவாக எடுத்துப் பலகையின்மேல் மட்டும் தடவி, காடியின் ஓரத்தில் வழிந்ததை உடனே துணியால் துடைத்துவிடுங்கள். காய்ந்ததும் மெல்லிய கத்தியின் நுனியை ஓரத்தில் ஒருமுறை ஓட்டிவிடுங்கள். பூட்டுப் பக்கத்து ஓரத்துக்கும் இந்த மாதத்திலேயே இரண்டு பூச்சு.

மீனா, இன்செய்ன் | டிசம்பர் 29

பூசும்முன் அசிட்டோன் துணி மறக்காதீர்கள் அக்கா. அது இதுவரை பூச்சே காணாத தேக்கு.